எம்.டி.க்கு ஒரே பக்க டேஷ்போர்டு: விற்பனை, சரக்கு சுழற்சி, பாக்கி வயது மூன்றையும் கணக்கோடு ஒத்துப்போக வைப்பது எப்படி

"விற்பனை, ஸ்டாக், பாக்கி மூன்றையும் ஒரே பக்கத்தில் பார்க்கிற மாதிரி போட்டுக் கொடுங்க" என்று எம்.டி. சொல்லியிருப்பார். உடனே எக்செலையோ பவர் பிஐயையோ திறந்து வண்ண வண்ணமாக சார்ட் போடத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். இந்த வேலையில் சார்ட் போடுவது கடைசி இரண்டு மூன்று நாள் சமாச்சாரம். வாரக்கணக்கில் இழுத்தடிப்பது எண்கள்தான், அதிலும் முக்கியமாகப் பாக்கி வயது. திரையில் ஒரு தொகை, கணக்குப் பிரிவு கையில் வேறொரு தொகை என்று ஒரே ஒரு கூட்டத்தில் தெரிந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு எம்.டி. உங்கள் திரையைத் திறக்கவே மாட்டார், பழையபடி அக்கவுண்டன்டை அழைத்துக் கேட்கத் தொடங்கிவிடுவார். நான் இதில் நிறையவே அலைந்தேன். நீங்கள் அலையாமல் முடிக்கட்டும் என்றுதான் எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே சறுக்கும் என்று எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

எந்த டேட்டாவையும் தொடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். விற்பனை என்றால் எது? சுழற்சி எப்படிக் கணக்கிடப்படும்? பாக்கியின் வயது எந்தத் தேதியிலிருந்து ஓடும்?

கேட்க எளிதாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பிரிவும் வேறு வேறு பதில் சொல்லும். விற்பனைப் பிரிவு ஆர்டர் வந்ததையே விற்பனை என்று எண்ணும், கணக்குப் பிரிவு பில் போட்டதைத்தான் எண்ணும், கிடங்கில் சரக்கு வாசலைத் தாண்டினால்தான் விற்பனை. பாக்கியிலும் இப்படித்தான். ஒருவர் பில் தேதியிலிருந்து 90 நாள் என்பார், இன்னொருவர் கெடு முடிந்த பிறகு 90 நாள் என்பார், ஒரே வாடிக்கையாளர் ஒருவர் பட்டியலில் சிவப்பாகவும் மற்றவர் பட்டியலில் பச்சையாகவும் இருப்பார்.

என் பரிந்துரை இது. விற்பனை என்றால் வரி நீங்கலாக, கிரெடிட் நோட் கழித்து, பில் தேதிப்படி. சுழற்சி என்றால் கடந்த 12 மாத விற்ற சரக்கின் அடக்கவிலையைச் சராசரி இருப்பால் வகுப்பது. பாக்கி வயது கெடு தேதியிலிருந்து. உங்கள் நிறுவனம் வேறு மாதிரி முடிவு செய்தாலும் தவறில்லை, ஆனால் அதை எழுத்தில் வையுங்கள், எம்.டி.யும் நிதிப் பொறுப்பாளரும் விற்பனைத் தலைவரும் அதில் ஒப்பமிடட்டும். ஒரு வாரம் பிடிக்கலாம். இதைத் தள்ளிப்போட்டால் எல்லாம் முடிந்த பிறகு "இந்த எண் எப்படி வந்தது" என்று கேட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வைப்பார்கள்.

2. கையில் வேண்டிய ஆவணங்கள்

கணக்கு மென்பொருளிலிருந்து இவற்றை எடுத்து வையுங்கள்: பில்வாரி விற்பனைப் பதிவேடு, கிரெடிட் நோட் பதிவேடு, வரவுப் பதிவேடு, எந்த வரவு எந்த பில்லுக்கு எதிராக வைக்கப்பட்டது என்ற விவரம், மாதக் கடைசி இருப்பு அறிக்கை அளவும் மதிப்புமாக 13 மாதங்களுக்கு, வாடிக்கையாளர் மாஸ்டர், பொருள் மாஸ்டர், அப்புறம் அதே மாதங்களின் டிரையல் பேலன்ஸ்.

இதில் எல்லோரும் விட்டுவிடுவது கடைசி ஒன்றைத்தான். டிரையல் பேலன்ஸ் திரையில் எங்கும் வராது, அதனால் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் மற்ற எல்லா அறிக்கைகளும் சரியா என்று உரசிப் பார்க்க உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இன்னொன்று, அறிக்கையாக அச்சிடும் வடிவத்தில் கேட்காதீர்கள். நடுவில் தலைப்பு வரிகள், துணைக் கூட்டல்கள், ஒன்றாக இணைக்கப்பட்ட கட்டங்கள் எல்லாம் இருக்கும், ஒவ்வொரு மாதமும் அதைச் சுத்தம் செய்வதே வேலையாகிவிடும். ஒரு வரிக்கு ஒரு பில், ஒரு நெடுவரிசைக்கு ஒரு விவரம் என்று பட்டியலாகக் கேளுங்கள். மாதம் ஒரு கோப்பாக ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தால் எக்செலில் இருக்கும் பவர் குவெரி அந்த ஃபோல்டரையே மூலமாக எடுத்து எல்லாவற்றையும் அடுக்கிக் கொள்ளும். நெடுவரிசைப் பெயர்கள் மட்டும் மாதத்துக்கு மாதம் மாறக் கூடாது.

வாடிக்கையாளர் மாஸ்டரைத் திறந்தால் ஒரே ஆள் இரண்டு மூன்று பெயரில் இருப்பார், ஒரு எழுத்து வித்தியாசத்தில். பெயரை வைத்து இணைக்காமல் குறியீட்டு எண்ணை வைத்தே இணையுங்கள், இரட்டைப் பதிவுகளுக்கு ஒரு தனி அட்டவணையில் "இந்தக் குறியீடும் அந்தக் குறியீடும் ஒருவரே" என்று எழுதி வையுங்கள். மாஸ்டரைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் அது நடக்கவே நடக்காது.

3. விற்பனை: சுலபமானது, ஆனால் மூன்று இடத்தைக் கவனியுங்கள்

கிளைகளுக்கிடையே அனுப்பும் சரக்கும் குழும நிறுவனங்களுக்குப் போடும் பில்லும் விற்பனைப் பதிவேட்டில் கலந்தே வரும். அவற்றை ஒரு குறியீடு கொடுத்து ஒதுக்குங்கள், அழித்துவிட வேண்டாம், டிரையல் பேலன்ஸோடு ஒப்பிடும்போது திரும்பத் தேவைப்படும்.

கிரெடிட் நோட் இன்று வந்தாலும் அது நான்கு மாதம் முந்தைய பில்லுக்கானதாக இருக்கும். விற்பனையில் அதை எந்த மாதத்தில் கழிப்பது? கணக்கில் எந்த மாதம் பதிவாகிறதோ அதே மாதத்தில் கழியுங்கள். பழைய மாதத்துக்குப் போய்க் கழித்தால் போன மாதம் எம்.டி. பார்த்த எண் இந்த மாதம் மாறியிருக்கும்.

மூன்றாவது, மாதம் பாதியில் இருக்கும்போது ஒப்பிடுவது. 12 ஆம் தேதி வரைக்குமான விற்பனையை முழு மாதத்தோடு வைத்துக் காட்டினால் எப்போதும் சரிவாகவே தெரியும். போன ஆண்டு இதே மாதத்தின் முதல் 12 நாட்களோடு ஒப்பிடுங்கள். மாதக் கடைசி வாரத்தில்தான் பாதி பில் விழுகிறது என்றால் நாள் கணக்கு ஒப்பீடும் ஏமாற்றும்தான், அப்படிப்பட்ட தொழிலில் முடிந்த மாதங்களை மட்டும் பெரிதாகக் காட்டி, ஓடிக்கொண்டிருக்கும் மாதத்தை ஓரமாகச் சிறிதாக வையுங்கள்.

4. பாக்கி வயது: நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும்

ஒரு வாடிக்கையாளரை மட்டும் எடுத்துப் பார்ப்போம். கடன் காலம் 45 நாள். நாம் பார்க்கும் தேதி ஜூன் 30. மூன்று பில்கள்:

- முதல் பில் மார்ச் 10, தொகை 4 லட்சம், கெடு ஏப்ரல் 24.
- இரண்டாவது ஏப்ரல் 5, தொகை 3 லட்சம், கெடு மே 20.
- மூன்றாவது ஜூன் 2, தொகை 5 லட்சம், கெடு ஜூலை 17.

ஜூன் 12 அன்று அவர் 4.5 லட்சம் செலுத்தியிருக்கிறார். கணக்குப் பிரிவு அதை எந்த பில்லுக்கும் எதிராக வைக்காமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று பதிந்துவிட்டது. லெட்ஜர் பாக்கி 7.5 லட்சம். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஏழரை லட்சத்தின் வயது என்ன என்று கேட்டால் ஒரே டேட்டாவிலிருந்து நான்கு விதமான பதில் வரும்.

பில் தேதியிலிருந்து எண்ணும் அறிக்கையில் முதல் பில்லுக்கு 112 நாள், இரண்டாவதுக்கு 86, மூன்றாவதுக்கு 28. பல மென்பொருள்கள் ஆன் அக்கவுண்ட் வரவையும் அதன் தேதிப்படி வயது கட்டி, மைனஸ் தொகையாக 0–30 கட்டத்தில் போட்டுவிடும். அப்போது 90க்கு மேல் 4 லட்சம், 61–90 இல் 3 லட்சம், 0–30 இல் வெறும் 50 ஆயிரம். மொத்தம் ஏழரை லட்சம் சரியாக வரும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஆனால் எம்.டி. பார்ப்பதோ 4 லட்சம் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கிறது என்று.

கெடு தேதியிலிருந்து எண்ணினால் முதல் பில் 67 நாள் தாமதம், இரண்டாவது 41 நாள், மூன்றாவதுக்கு இன்னும் கெடுவே வரவில்லை. வரவை எதற்கும் ஈடுகட்டாமல் விட்டால் தாமதம் 7 லட்சம், அதற்குப் பக்கத்தில் ஈடுகட்டாத வரவு 4.5 லட்சம் தனியாக நிற்கும்.

'பழையதை முதலில் கழி' என்ற விதியில் விட்டால் 4.5 லட்சம் முதல் பில்லை முழுவதும் தீர்த்து, மீதி 50 ஆயிரம் இரண்டாவதில் கழிந்து, தாமதம் 2.5 லட்சம் மட்டும், அதுவும் 31–60 கட்டத்தில். பார்க்க நன்றாக இருக்கும்.

வாடிக்கையாளர் அனுப்பிய பணவிவரக் குறிப்பை எடுத்துப் பார்த்தால் அவர் இரண்டாவது பில்லுக்கு முழுதாக 3 லட்சமும் முதல் பில்லுக்கு 1.5 லட்சமும் கொடுத்திருக்கிறார். முதல் பில்லில் சரக்குத் தரம் பற்றித் தகராறு இருக்கிறது, அதனால் 2.5 லட்சத்தை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறார். உண்மையான வயது இதுதான்: 61–90 கட்டத்தில் 2.5 லட்சம், கெடு வராதது 5 லட்சம்.

கடைசி இரண்டையும் பாருங்கள். தாமதத் தொகை இரண்டிலும் ஒன்றேதான், 2.5 லட்சம். ஆனால் 'பழையதை முதலில் கழி' அந்தத் தகராறையே மறைத்துவிட்டது. எம்.டி. தலையிட வேண்டிய ஒரே விஷயம் அதுதான். ஆகவே தானாகக் கழிக்கும் விதியை நான் பரிந்துரைப்பதில்லை. வரவு வந்த வாரத்திலேயே பில்லுக்கு எதிராக வைக்கச் சொல்லுங்கள், வைக்காததை எந்தக் கட்டத்திலும் கலக்காமல் 'ஈடுகட்டாத வரவு' என்று தனி நெடுவரிசையில் காட்டுங்கள். அந்த நெடுவரிசை எம்.டி.யின் திரையில் தெரிவதாலேயே ஓரிரு மாதத்தில் அது சுருங்கிவிடும்.

இனி கணக்கிடும் முறை. பில் அட்டவணை ஒன்று, எந்த வரவு எந்த பில்லுக்கு என்று காட்டும் ஈடுகட்டல் அட்டவணை ஒன்று, அதற்கு `Alloc` என்று பெயர். பார்க்கும் தேதியை ஒரு தனிக் கட்டத்தில் வைத்து அதற்கு `AsOnDate` என்று பெயர் கொடுங்கள். பில் அட்டவணையில் பார்க்கும் தேதிக்குப் பிந்தைய பில்கள் இல்லாதபடி வடிகட்டிவிட்டு, நிலுவையும் தாமத நாட்களும் இப்படி:

```
Paid:     =SUMIFS(Alloc[Amount],Alloc[InvoiceNo],[@InvoiceNo],Alloc[Date],"<="&AsOnDate)
Open:     =[@Amount]-[@Paid]
DaysOver: =AsOnDate-[@DueDate]
Bucket:   =IFS([@DaysOver]<=0,"Not due",[@DaysOver]<=30,"1-30",[@DaysOver]<=60,"31-60",[@DaysOver]<=90,"61-90",TRUE,"90+")
```

முதல் வரியில் இருக்கும் `"<="&AsOnDate` பகுதியை விட்டுவிடாதீர்கள். ஜூலை 5 அன்று உட்கார்ந்து ஜூன் 30 நிலவரத்தைத் தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மென்பொருள்கள் 'இன்று நிலுவையில் இருக்கும் பில்கள்' பட்டியலை எடுத்து, ஜூன் 30 வரை என்று பில் தேதியை மட்டும் வடிகட்டிக் கொடுக்கும். ஜூலை 3 இல் பணம் வந்த பில் அதில் இருக்காது, ஜூன் 30 இல் அது பாக்கிதான் என்றாலும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஏஜிங் மொத்தம் டிரையல் பேலன்ஸைவிடக் குறைவாக இருக்கும், அந்த வித்தியாசம் ஜூலை முதல் நாட்களின் வசூலுக்குச் சமமாக இருக்கும். கிரெடிட் நோட்டையும் வரவைப் போலவே ஈடுகட்டல் அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.

இன்னும் மூன்று பொறிகள்.

கெடு தேதியை வாடிக்கையாளர் மாஸ்டரிலிருந்து எடுத்துக் கணக்கிடாதீர்கள். விற்பனைப் பிரிவு ஒருவருக்கு 45 நாளை 60 ஆக்கினால் பழைய பில்களின் கெடுவும் தள்ளிப்போய், நேற்று வரை தாமதமாக இருந்த தொகை இன்று காலையில் காணாமல் போயிருக்கும், யாரும் ஒரு பைசா கட்டியிருக்க மாட்டார்கள். பில் போட்ட நாளில் இருந்த கெடுவைப் பில்லோடு சேர்த்தே சேமியுங்கள்.

மென்பொருள் மாற்றிய நிறுவனங்களில் பழைய பாக்கியை எல்லாம் ஒரே தொகையாக, புதிய ஆண்டின் முதல் நாள் தேதியிட்டு ஏற்றியிருப்பார்கள். இரண்டு ஆண்டு பழைய பாக்கி அப்போது பிறந்ததுபோல் தெரியும். பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே தேதியில் முழு எண் தொகை இருந்தால் இதுதான். பழைய மென்பொருளின் பில்வாரிப் பட்டியலைத் தேடி எடுத்து உண்மையான தேதிகளைப் போட வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை.

கடைசியாக, முன்பணம் கொடுத்த வாடிக்கையாளர்களின் கிரெடிட் பாக்கி. ஒருவர் 10 லட்சம் முன்பணம் கொடுத்திருந்தால் அது இன்னொருவரின் 10 லட்சம் பாக்கியை அடைக்காது. மொத்தத்தில் இரண்டையும் கழித்து நிகரமாகக் காட்டினால் அடைத்துவிட்டதுபோல் தோன்றும். வரவேண்டியது ஒரு வரி, முன்பணம் இன்னொரு வரி.

5. சரக்கு சுழற்சி: வகுக்கும் எண்ணில்தான் விஷயம்

சுழற்சி என்றால் விற்ற சரக்கின் அடக்கவிலை வகுத்தல் சராசரி இருப்பு. 365 ஐ அந்த விடையால் வகுத்தால் சரக்கு சராசரியாக எத்தனை நாள் நம்மிடம் நிற்கிறது என்று கிடைக்கும். எம்.டி.களுக்கு நாட்கள் சட்டென்று புரிகிறது, திரையில் நாட்களைப் பெரிதாகப் போடுங்கள்.

ஒரு பொருள் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 12 மாத விற்பனை 480 லட்சம், அதன் அடக்கவிலை 360 லட்சம். 13 மாதக் கடைசி இருப்புகளின் சராசரி 90 லட்சம். சுழற்சி 4, அதாவது 91 நாள். ஆண்டு முடிவில் கொள்முதலை நிறுத்தி வைத்ததால் கடைசி நாள் இருப்பு 72 லட்சமாக இருந்தது என்றால், அதை மட்டும் வைத்து வகுக்கும்போது சுழற்சி 5, அதாவது 73 நாள் ஆகிவிடுகிறது. அடக்கவிலைக்குப் பதில் விற்பனையை எடுத்து அதே 72 லட்சத்தால் வகுத்தால் 6.67, அதாவது 55 நாள். ஒரே கிடங்கு, ஒரே சரக்கு, 91 நாளும் வருகிறது 55 நாளும் வருகிறது. விற்பனை விலையில் லாபம் கலந்திருக்கிறது, இருப்போ அடக்கவிலையில் இருக்கிறது, இரண்டையும் வகுப்பது பொருந்தாது, விலையை ஏற்றினாலே சரக்கு வேகமாக நகர்வதுபோல் காட்டும்.

13 இருப்புகள் ஏன் என்றால், 12 மாதத்துக்கு ஒரு தொடக்கமும் 12 முடிவுகளும் இருக்கின்றன. பவர் பிஐயில் 12 மாத அடக்கவிலையையும் சராசரி இருப்பையும் தனித்தனி அளவீடாக எழுதிவிட்டுக் கடைசியில் வகுங்கள்:

```
Turns = DIVIDE([COGS 12M], [Avg Stock 13])
Stock Days = DIVIDE(365, [Turns])
```

இப்போது அந்த 90 லட்சத்துக்குள் போய்ப் பாருங்கள். அதில் 30 லட்சம் சரக்கு ஓர் ஆண்டாக ஒரு முறைகூட வெளியே போகவில்லை. அதை நீக்கிவிட்டால் மீதி 60 லட்சம் ஆண்டுக்கு 6 முறை, 61 நாளில் சுழல்கிறது. அதாவது 91 நாளில் சுழலும் சரக்கு என்று ஒன்று கிடங்கில் இல்லவே இல்லை: ஒரு பங்கு நன்றாக ஓடுகிறது, ஒரு பங்கு அப்படியே கிடக்கிறது. மொத்தச் சுழற்சி எண்ணை மட்டும் பார்த்த எம்.டி. 'கொள்முதலைக் குறையுங்கள்' என்று உத்தரவு போடுவார், ஓடிக்கொண்டிருக்கும் சரக்குக்குத்தான் தட்டுப்பாடு வரும், தூங்குவது தூங்கிக்கொண்டே இருக்கும். அதனால் சுழற்சிக்குப் பக்கத்திலேயே '180 நாளாக வெளியேறாத சரக்கு' என்று ஒரு தொகையைக் கட்டாயம் வையுங்கள். கடைசியாக விற்பனைக்கோ உற்பத்திக்கோ வெளியேறிய தேதியை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மாற்றியதை வெளியேற்றமாக எடுத்தால் தூங்கும் சரக்கெல்லாம் விழித்துக்கொண்டதாகக் காட்டும்.

இருப்பு டேட்டாவில் ஒரு தொல்லை உண்டு. முந்தைய தேதியிட்ட பதிவுகள் வரும், அப்போது போன மாத இருப்பு மதிப்பு மாறும், உங்கள் பழைய சுழற்சி எண்ணும் கூடவே மாறும். மாதம் மூடிய அன்று இருப்பு அறிக்கையை எடுத்துக் கோப்பாகச் சேமித்து, டேஷ்போர்டு அந்தக் கோப்பையே படிக்கட்டும். பின்னால் திருத்தம் பெரிதாக இருந்தால் தெரிந்தே மாற்றுங்கள், தானாக மாற விடாதீர்கள்.

அப்புறம் மைனஸ் இருப்பு. கொள்முதல் பில்லைப் பதியும் முன்பே விற்பனையைப் பதிந்தால் அந்தப் பொருளின் இருப்பு சுழியத்துக்குக் கீழே போகும், மொத்த மதிப்பைக் குறைக்கும், சுழற்சியை உயர்த்தும். மாதக் கடைசி அறிக்கையில் மைனஸ் வரிகளை வடிகட்டிப் பார்த்து, கொள்முதல் பதிவு முடிந்த பிறகே கோப்பை எடுங்கள். உற்பத்தி நிறுவனமாக இருந்தால் மூலப்பொருளுக்கு அதன் நுகர்வையும் முடிந்த சரக்குக்கு விற்ற அடக்கவிலையையும் வைத்துத் தனித்தனியே சுழற்சி போடுங்கள், இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் எதுவும் புரியாது.

6. திரையின் அடியில் ஒரு சரிபார்ப்பு வரி

மூன்று ஒப்பீடுகள். விற்பனை மொத்தம், ஒதுக்கி வைத்த உள்பரிமாற்றங்களையும் சேர்த்தால், டிரையல் பேலன்ஸின் விற்பனைக் கணக்குக்குச் சமமாக வேண்டும். நிலுவை பில்கள் கழித்தல் ஈடுகட்டாத வரவு கழித்தல் முன்பணம், கடனாளிகள் கணக்குக்குச் சமமாக வேண்டும். ஒரே வரவு ஈடுகட்டாத வரவிலும் முன்பணத்திலும் இரண்டு முறை விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருப்புக் கோப்பின் மொத்தம், சரக்குக் கணக்குக்குச் சமமாக வேண்டும். ஆண்டு முடிவில் மட்டும் சரக்குக் கணக்கைச் சரிசெய்யும் நிறுவனமாக இருந்தால் மூன்றாவது ஒப்பீடு மற்ற மாதங்களில் பொருந்தாது, அதை வரையறைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

வித்தியாசத்தை மறைக்காமல் திரையின் அடியில் சிறிய எழுத்தில் காட்டுங்கள். 'கடனாளிகள் வித்தியாசம்: 18,400, இரண்டு ஜர்னல் பதிவுகள்' என்று எழுதியிருந்தால் எம்.டி. நம்புவார். வித்தியாசம் பெரும்பாலும் ஜர்னல் பதிவுகளில்தான் இருக்கும், பில் பதிவேட்டிலும் வரவுப் பதிவேட்டிலும் வராமல் நேராகக் கடனாளி கணக்கில் எழுதப்பட்டவை. முதலில் அங்கே தேடுங்கள்.

முதல் மாதத்தில் சரியாக இருந்தால் போதாது. தொடர்ந்து மூன்று மாதங்கள் ஒத்துப்போன பிறகு எம்.டி.யிடம் காட்டுங்கள்.

7. திரை

ஒரு பக்கம், மேலே 'எந்தத் தேதி நிலவரம்' என்று பெரிதாக. மூன்று பகுதிக்கும் தேதி வேறாக இருந்தால் ஒவ்வொன்றின் மேலும் தனியாகப் போடுங்கள். விற்பனைக்கு 13 மாதக் கோடு ஒன்று. பாக்கிக்கு ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை, அதன் கீழே அதிகத் தாமதமுள்ள பத்து வாடிக்கையாளர்கள் பெயரோடு, பக்கத்தில் காரணம் எழுத ஒரு நெடுவரிசை. அந்தக் காரணத்தை வசூல் பார்ப்பவர்தான் நிரப்ப வேண்டும், 'தரத் தகராறு', 'பில் கிடைக்கவில்லை என்கிறார்' என்று. எம்.டி. அதிகம் படிப்பது இந்த நெடுவரிசையைத்தான். சரக்குக்குத் தொகுதிவாரி நாட்களும் நகராத சரக்கும் ஒரு சின்ன அட்டவணையில். வட்ட சார்ட், வேகமானி மாதிரி முள் சார்ட் எதுவும் வேண்டாம், இடத்தை அடைக்கும், எண்ணைத் திரும்பக் கீழே எழுத வேண்டியிருக்கும்.

8. செலவும் நேரமும்

எக்செல் ஏற்கெனவே இருந்தால் முதல் பதிப்புக்குத் தனிச் செலவு தேவையில்லை. ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகள்தான் கொள்ளும், பில் வரிகள் அதை நெருங்கினால் பவர் குவெரி வழியாக டேட்டா மாடலில் ஏற்றிக்கொள்ளலாம். பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம். ஆனால் அதில் செய்ததை மற்றவர்களோடு பகிரும்போது, பெரிய கொள்ளளவுத் திட்டம் வாங்காத நிறுவனத்தில், உருவாக்குபவருக்கு மட்டுமல்ல, பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ப்ரோ உரிமம் வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் ஒப்புதல் வாங்கிவிட்டுப் பிறகு எட்டு பேருக்கு உரிமம் கேட்டால் சங்கடம், முதலிலேயே பார்ப்பவர்களின் பட்டியலைப் போட்டுச் செலவைக் கேளுங்கள். டேட்டா அலுவலகக் கணினியிலேயே இருந்தால் தானாகப் புதுப்பிக்க கேட்வே என்ற இலவச மென்பொருளை நிறுவ வேண்டும், அது இருக்கும் கணினி புதுப்பிக்கும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். யாராவது இரவில் அணைத்துவிட்டுப் போனால் காலையில் பழைய எண்தான் இருக்கும்.

உண்மையான செலவு ஆட்களின் நேரம். வரையறைக்கு ஒரு வாரம், டேட்டா எடுக்கவும் சுத்தம் செய்யவும் மூன்று முதல் ஐந்து வாரம், திரைக்குச் சில நாட்கள், அதன் பிறகு மூன்று மாத ஒப்பீடு. பழைய பாக்கிகளை பில்வாரியாகப் பிரிக்கும் வேலை இருந்தால் கணக்குப் பிரிவில் ஒருவரின் பாதி நேரத்தை ஒரு மாதத்துக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத முடிவிலும் தணிக்கை நேரத்திலும் கேட்டால் கிடைக்காது.

புதுப்பிக்கும் வேகம் மூன்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விற்பனை தினமும். பாக்கி வாரம் ஒரு முறை, வரவுகளை பில்லுக்கு எதிராக வைத்து முடித்த பிறகு, உதாரணமாக வெள்ளி மாலை ஈடுகட்டி முடித்துத் திங்கள் காலை திரையில். சுழற்சி மாதம் ஒரு முறை, கணக்கு மூடிய பிறகு மட்டும். எம்.டி. 'எல்லாமே நேரலையாக வேண்டும்' என்று கேட்பார். பாக்கியை நேரலையாக்கினால் காலையில் வந்த பணம் மாலையில் ஈடுகட்டப்படும் வரை தாமதத் தொகை ஊதிப்போய்த் தெரியும், அதைப் பார்த்து அவர் வாடிக்கையாளரை அழைத்துவிட்டால் 'நேற்றே அனுப்பிவிட்டோமே' என்று பதில் வரும். இந்த உதாரணத்தையே அவரிடம் சொல்லுங்கள், வாரம் ஒரு முறை போதும் என்று ஒத்துக்கொள்வார்.